டேப்பை எங்கே வைப்பது?

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கக் கிளம்பும் பெண்கள், புதுத் துணியோடு பழைய ஜாக்கெட் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு 'அளவு ஜாக்கெட்' என்று பெயர். தையற்காரர் அதை மேசையில் விரிப்பார், நாலைந்து இடத்தில் டேப் வைப்பார், ரசீதுப் புத்தகத்தில் சில எண்களைக் கிறுக்குவார், துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ரசீதோடு பின் அடிப்பார். 'கழுத்து இதே இறக்கமா, இன்னும் கொஞ்சம் இறக்கணுமா?' என்று ஒரே ஒரு கேள்வி. தன் மார்பு அளவு என்ன, தோள் அகலம் என்ன என்று தெரியாமலே ஒரு பெண் முப்பது வருஷம் பொருத்தமாக ஜாக்கெட் போட்டுவிட முடியும். நம் ஊரில் பலர் அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆர்டர் ஆன்லைனுக்கு வந்ததும் இந்த ஏற்பாடு அறுந்துபோகிறது. சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருப்பவரிடம் திரை கேட்பது ஜாக்கெட்டை அல்ல, எண்களை: மார்பு, இடுப்பு, ஷோல்டர், நீளம், கை. அவரும் ஒரு டேப்பைத் தேடி எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, கட்டங்களை நிரப்பி அனுப்பிவிடுகிறார். பார்சல் வந்து போட்டுப் பார்த்தால் தோள் வழிகிறது, அடிப்பகுதி தொளதொளக்கிறது. எண்ணை அவர் சரியாகத்தான் படித்திருப்பார். டேப் நின்ற இடம்தான் வேறு.

மதுரையில் வீட்டிலேயே மெஷின் போட்டு, வெளியூர் ஆர்டர்களுக்கு ஜாக்கெட் தைக்கிறார் ஒரு பெண். அளவு எடுப்பதைக் காட்டும் வீடியோவுக்காக அவர் ஒரு பள்ளி நோட்டில் வசனம் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார். இடப்பக்கம் பேச வேண்டியது, வலப்பக்கம் கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்பது. கடையில் அவர் கை பேசாமல் செய்துவிடும் வேலையை முன்பின் தெரியாத ஒருவர் கை செய்ய வேண்டும். அதற்கு எந்தெந்தச் சொல் தேவை என்பதுதான் அந்த நோட்டு முழுக்க. அதைப் பின்பற்றிப் போனால் ஜாக்கெட் அளவின் சூட்சுமம் முழுவதும் புரிந்துவிடும்.

வசனம் டேப்பிலிருந்தே தொடங்குகிறது. 'அக்கா, டேப்பை எடுத்துட்டு வாங்க. பிள்ளைகளோட ஸ்கேல் ஒண்ணும் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஸ்கேல்ல 12 இன்ச் முடியுற இடத்துலயே டேப்லயும் 12 முடியணும்.' துணி டேப் வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட டேப் எப்போதும் அளவைக் குறைத்தே காட்டும், ஜாக்கெட் இறுக்கமாக வரும். முனையிலிருக்கும் தகடு கழன்றுபோன டேப்பில் சிலர் 1-ஐ ஆரம்பமாகப் பிடித்து அளந்துவிட்டு, அந்த ஒன்றைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, எண்ணை எழுதும் விதம். பெரும்பாலான டேப்புகளில் ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கும். 13-க்கு மேல் நாலு கோடு என்றால் அது பதிமூன்றரை. ஆனால் அதை '13.4' என்று எழுதி அனுப்புபவர்கள் உண்டு. படிக்கிற தையற்காரருக்கு அது நாலு கோடா, புள்ளி நாலா என்று தெரிய வழியில்லை. இதைவிட ஆபத்து, டேப்பின் மறுபக்கத்து சென்டிமீட்டர். மார்பு 92 என்று வந்தால் யாருக்கும் புரிந்துவிடும். கை நீளம் 10 என்று வந்தால்? 10 இன்ச் என்றால் முழங்கை வரை வரும் கை. 10 சென்டிமீட்டர் என்றால் நாலு இன்ச், குட்டைக் கை. இரண்டுமே நடைமுறையில் உள்ள கை என்பதால், தப்பு என்ற சந்தேகமே வராது. அதனால் அவர் வசனத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'நம்பரை டைப் பண்ணாதீங்க. டேப்ல அந்த இடத்துல நகத்தை வச்சு, டேப்பை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க.' உடம்பு படத்தில் வர வேண்டியதில்லை. நகமும் எண்ணும் தெரிந்தால் போதும்.

எதன்மேல் அளப்பது என்பதும் அளவின் பாகம்தான். சுடிதார் டாப்புக்கு மேலேயே டேப்பைச் சுற்றினால் அரை இன்ச்சாவது கூடிவிடும். அந்தப் புடவைக்கு உள்ளே எந்த உள்ளாடை போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் அளக்க வேண்டும். பேட் வைத்தது என்றால் சுற்றளவும் மாறும், மார்பின் மேடான இடத்தின் உயரமும் மாறும். கடையில் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடும் இந்தக் கேள்வியை வீடியோவில் சாதாரணமாகச் சொல்லிவிட முடிகிறது. ஆன்லைனுக்கு இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

இனி அளவுகள். முதலில் மார்பு என்றுதான் நாம் நினைப்போம். இவர் நோட்டில் முதலில் வருவது தோள். காரணம், தோளில் இரண்டு எலும்புகளை அடையாளம் கண்டுவிட்டால் மற்ற எல்லா அளவுக்கும் அவைதான் ஆரம்பப் புள்ளி. 'தலையைக் குனிங்க. பின்கழுத்துல ஒரு எலும்பு முட்டும் பாருங்க, அது ஒண்ணு. இப்ப கையைப் பக்கவாட்டுல தோள் உயரத்துக்குத் தூக்குங்க. தோள் முடியுற இடத்துல சின்னதா ஒரு குழி விழும். அங்க ஒரு பொட்டு ஒட்டிக்கோங்க. கையை இறக்கிடுங்க.' இரண்டு தோளிலும் பொட்டு ஒட்டியபின், பின்பக்கமாக ஒரு பொட்டிலிருந்து பின்கழுத்து எலும்பைத் தொட்டபடி மறு பொட்டு வரை டேப் போக வேண்டும். அதுதான் ஷோல்டர்.

குங்குமப் பொட்டு டப்பாவிலிருக்கும் ஸ்டிக்கரை இதற்குப் பயன்படுத்தியது அவருடைய சொந்த யோசனை. கண்ணளவில் 'தோள் இங்கே முடிகிறது' என்று முடிவு செய்பவர்கள், போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் தோள் தையலைத்தான் அறியாமல் பின்பற்றுகிறார்கள். அந்தத் தையல் பெரும்பாலும் எலும்பைத் தாண்டிக் கையில் இறங்கியிருக்கும். உடுப்பு அளவுக்கென்று 2017-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8559-1 என்ற சர்வதேசத் தரநிர்ணயமும் இதே வழியில்தான் போகிறது. உடம்பில் தொட்டு உணரக்கூடிய அடையாளப் புள்ளிகளை முதலில் வரையறுத்துவிட்டு, அவற்றிலிருந்துதான் அளவுகளைச் சொல்கிறது.

அடுத்தது சுற்றளவுகள். ஜாக்கெட்டுக்கு மூன்று வேண்டும். ஆன்லைன் படிவங்களில் பெரும்பாலும் இரண்டுதான் கேட்கிறார்கள், குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. முதலாவது மேல்மார்பு. அக்குளுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம் மார்பின் மேட்டுக்கு மேலே டேப் சுற்றி வரும். இரண்டாவது மார்பு. மேடான இடத்தின் மேலாகச் சுற்ற வேண்டும். மூன்றாவது, ஜாக்கெட் முடியும் இடம்.

இந்த மூன்றாவதைத்தான் பல படிவங்களில் 'இடுப்பு' என்று போட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு இடுப்பு என்றால் பாவாடை நாடா கட்டும் இடம். அங்கே அளந்து அனுப்புகிறார். ஜாக்கெட்டோ அதற்குப் பல இன்ச் மேலேயே, விலா எலும்பின் மேல் முடிந்துவிடுகிறது. இரண்டு இடத்துக்கும் நாலைந்து இன்ச் வித்தியாசம் சர்வசாதாரணம். இவர் நோட்டில் 'இடுப்பு' என்ற சொல்லே இல்லை. 'மெல்லிசான எலாஸ்டிக் ஒண்ணை எடுத்து, ஜாக்கெட் எங்க முடியணுமோ அங்க வளையமா கட்டிக்கோங்க. அதுக்கு மேல டேப் வைங்க.' எலாஸ்டிக் கட்டியதால் இன்னொரு லாபமும் உண்டு. கழுத்தோரத் தோளிலிருந்து மார்பின் மேட்டைக் கடந்து அந்த எலாஸ்டிக் வரைக்கும் அளந்தால் ஜாக்கெட்டின் முன்நீளம். பின்னால் அதே தோளிலிருந்து எலாஸ்டிக் வரை பின்நீளம். முன்பக்கம் மேட்டைக் கடந்து போவதால் பொதுவாக அதுதான் நீளமாக வரும். முன்நீளம் குறைவாக வந்திருந்தால் டேப் மேட்டை விட்டுப் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

சுற்றளவு எடுக்கும்போது டேப் முன்னால் சரியாக நிற்கும், முதுகில் சரிந்துவிடும். தனியாக அளப்பவருக்கு அது தெரியாது. அதனால் நோட்டின் வலப்பக்கத்தில் இந்த இடத்தில் 'பக்கவாட்டு ஷாட்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். வீடியோவில் டேப் தரைக்கு இணையாகச் சுற்றி நிற்பதைப் பக்கத்திலிருந்து காட்டினால்தான் பார்ப்பவருக்குப் பதியும். வீட்டில் யாராவது பிடித்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு கண்ணாடி வேண்டும். தையல் பொம்மையை வைத்து வீடியோ எடுப்பது சுலபம்தான், ஆனால் பொம்மைக்கு மூச்சு இல்லை, தோள் எலும்பு இல்லை, பெரும்பாலும் கையும் இல்லை. தப்பு நடக்கும் இடங்களெல்லாம் பொம்மையில் காணாமல் போய்விடும். ஒட்டிய பனியன் போட்ட ஒரு பெண்ணை நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

'டேப்புக்குள்ள ரெண்டு விரலை விட்டு அளங்க' என்பது தையல் உலகில் காலங்காலமாக இருக்கும் சொல். கடையில் அது சரி, ஏனென்றால் விரல் எப்போதும் ஒரே தையற்காரருடையது. ஊருக்கு ஒரு விரல் என்றானால், சிலரிடம் அரை இன்ச் கூடும், சிலரிடம் ஒரு இன்ச். அதற்கு மேல் தையற்காரர் தன் பங்குக்கு லூஸ் சேர்ப்பார். தளர்வு இரண்டு முறை சேர்ந்துவிடும். இவர் வசனம் இதில் கறார்: 'விரல் விடாதீங்க. டேப் உடம்பைத் தொட்டு நிக்கணும், சதையை அமுக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. லூஸ் எவ்வளவு விடணும்கிறதை நான் பார்த்துக்கிறேன்.' உடம்பளவு வாடிக்கையாளர் பொறுப்பு, தளர்வு தையற்காரர் பொறுப்பு என்று எல்லை கிழித்துவிடுகிறார். சிக்கென்று தைக்கும் ஜாக்கெட்டுக்கு மார்பில் அவர் விடுவது ஒன்றரை இன்ச்.

மேல்மார்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தோள், அக்குள், முதுகு மூன்றும் எலும்புக்கூட்டின் அளவைச் சேர்ந்தவை. மார்புச் சுற்றளவு எலும்போடு சதையையும் சேர்த்தது. மார்பு 38 இருக்கும் இருவரில் ஒருவருக்கு மேல்மார்பு 36 இருக்கலாம், இன்னொருவருக்கு 34 இருக்கலாம். மார்பளவை வைத்தே அக்குளின் ஆழத்தையும் கணக்குப் போடுவது பல கடைகளின் பழக்கம். ஆறில் ஒரு பங்கு என்று தொடங்கும் ஒரு கணக்கு உண்டு. 38-க்கு அது கிட்டத்தட்ட 6⅜ இன்ச், 34-க்கு 5⅝. முக்கால் இன்ச் வித்தியாசம். சின்ன எலும்புக்காரருக்கு 38-இன் அக்குளை வெட்டிவிட்டால் அது தேவைக்கு மேல் கீழே இறங்கிவிடும். அக்குள் இறங்கினால் கை தூக்கச் சௌகரியம் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. கையைத் தூக்கியதும் ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறும், அடிப்பட்டி மார்பில் வந்து நிற்கும். மேல்மார்புக்கும் மார்புக்கும் மூன்று இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இவர் முதுகையும் அக்குளையும் மேல்மார்பை வைத்து வெட்டி, கூடுதல் துணியை முன்பக்கத்தில் மட்டும் சேர்த்து டக்ஸில் பிடிக்கிறார். அக்குள் சுற்றளவை நேரடியாகவும் கேட்கிறார்: தோள் பொட்டிலிருந்து கைக்கு அடியில் சுற்றி அதே பொட்டுக்குத் திரும்ப வேண்டும், கை தொங்கிய நிலையில்.

டக்ஸ் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு இன்னும் இரண்டு அளவு. கழுத்தோரத் தோளிலிருந்து மார்பின் மேடான இடம் வரை ஒன்று, இரண்டு மேடுகளுக்கு நடுவேயுள்ள தூரம் ஒன்று. கழுத்து இறக்கத்தையும் அதே கழுத்தோரத் தோளிலிருந்துதான் நேர்கீழாக அளக்க வேண்டும். தொண்டைக்குழியிலிருந்து அளந்து 'முன்கழுத்து 6' என்று எழுதிவிட்டு, வந்தபின் கழுத்து ஏறியிருக்கிறது என்று சண்டை போடுபவர்கள் அதிகம். கை விஷயம் எளிது: தோள் பொட்டிலிருந்து கை முடியும் இடம் வரை நீளம், முடியும் இடத்தில் சுற்றளவு. முழங்கை வரை வரும் கை என்றால் கையை மடக்கிச் சுற்றளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிடக் கை மடங்காது.

எல்லாம் எடுத்து முடித்தபின் அளவு ஜாக்கெட் திரும்ப வருகிறது, இந்த முறை சாட்சியாக. நன்றாகப் பொருந்தும் ஒன்றைக் கொக்கி மாட்டித் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கச் சொல்கிறார். இது ஜாக்கெட்டின் அளவு, உடம்பின் அளவு அல்ல. இரண்டையும் தனித்தனியாக, எது எது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஜாக்கெட் அளவு உடம்பளவைவிட ஒன்றிலிருந்து இரண்டு இன்ச் கூட இருந்தால் இரண்டும் சரி. வித்தியாசமே இல்லையென்றாலோ, நாலு இன்ச் என்றாலோ ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது.

ஒரு ஆர்டரை எடுத்துப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வீடியோவைப் பார்க்காமல் அனுப்பியது: மார்பு 38½, இடுப்பு 36, ஷோல்டர் 15½. பழைய ஜாக்கெட்டின் மார்பு 38½. உடம்பும் ஜாக்கெட்டும் ஒரே அளவு என்றால் ஒன்றரை இன்ச் தளர்வு எங்கே போனது? இங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. வீடியோவைப் பார்த்து மறுபடி எடுத்தபோது வந்தது: மேல்மார்பு 34½, மார்பு 37, ஜாக்கெட் முடியும் இடம் 31½, ஷோல்டர் 14. முதல் தடவை குர்தாவுக்கு மேலே, விரலும் விட்டு அளந்ததில் மார்பில் ஒன்றரை கூடியிருந்தது. இடுப்பு என்று எடுத்தது பாவாடை நாடா இடத்தில். ஷோல்டர் குர்தாவின் தையல்வரை போயிருந்தது. இப்போது 37-க்கும் பழைய ஜாக்கெட்டின் 38½-க்கும் ஒன்றரை வித்தியாசம், கணக்கு இடிக்கவில்லை. முதல் எண்களை நம்பி வெட்டியிருந்தால் மார்பு 40-க்குப் போயிருக்கும், தோள் பக்கத்துக்கு முக்கால் இன்ச் வழிந்திருக்கும், அடிப்பட்டி நாலரை இன்ச் கூடுதலாகத் தொங்கியிருக்கும்.

இவ்வளவு செய்தும் டேப்பில் ஏறாத சில விஷயங்கள் உண்டு. தோள் எவ்வளவு சரிகிறது, ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருக்கிறதா, முதுகு கொஞ்சம் கூனியிருக்கிறதா என்பதெல்லாம் எண்ணாக வராது. மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தலைமுறைத் தையற்காரர்கள், எதிரே வந்து நிற்கும் ஆளைப் பார்த்தே இதைப் பிடித்துவிடுவார்கள். தூரத்து ஆர்டரில் அந்தப் பார்வைக்கு மாற்றுக் கிடையாது. அதனால் புது வாடிக்கையாளர் முதல் தடவையே கல்யாணப் பட்டுத் துணியை அனுப்பினால் இவர் தொடுவதில்லை. விலை குறைந்த காட்டன் துணியில் ஒன்று தைத்து அனுப்பி, போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்கிறார். அந்தத் துணியையும் லைனிங்கையும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுகிறார். முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டால் சரியான அளவும் தப்பாகத்தான் தெரியும்.

போட்டுப் பார்த்துவிட்டு என்ன சொல்வது என்பதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. 'சரியில்ல, கொஞ்சம் பிடிக்குது' என்றால் அவருக்குப் பயனில்லை. சுருக்கம் எங்கே விழுகிறது, எதை நோக்கி ஓடுகிறது என்று கேட்கிறார். மார்பு மேட்டிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் மார்பில் துணி பற்றவில்லை. மேட்டுக்கு மேலே காலியாகத் துணி எழுந்து நின்றால் டக்ஸின் முனை தப்பான உயரத்தில் விழுந்திருக்கிறது. ஒரு தோள் மட்டும் நழுவினால் அந்தத் தோள் இறங்கிய தோள். இரண்டும் நழுவினால் ஷோல்டர் அகலம், அல்லது பின்கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டு நாடா வைக்காமல் விட்டதன் பலன். காட்டன் ஜாக்கெட்டில் பிசகியதை எண்ணாக மாற்றி அந்தப் பெண்ணின் பக்கத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் பட்டுக்குக் கத்தரி வைக்கிறார். அப்போதும் இரண்டு பக்கத் தையலிலும் ஒரு இன்ச் துணி உள்ளே மடக்கியே விடுகிறார். அடுத்த வருஷம் உடம்பு கொஞ்சம் கூடினால் உள்ளூர்த் தையற்காரர் யாராவது பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.